படுக்கையறையை ஒட்டிய குளியலறையின் கழிவுக் குழாய்ச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து உறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை கீழே உள்ளவைதாம். இங்கே பேசப்படுவது வெளியேறும் நீரைக் கொண்டு செல்லும் குழாய்களைப் பற்றி மட்டுமே. அவற்றிலும் கழிப்பறையிலிருந்து இறங்கும் 110 மி.மீ. செங்குத்துக் குழாயைப் பற்றியே அதிகம்.

மேல்மாடியில் ஃப்ளஷ் செய்தால் என் கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் கொட்டுவது போலக் கேட்கிறது. குழாய்க்குள் என்னதான் நடக்கிறது?

செங்குத்துக் குழாயில் இறங்கும் நீர் நடுவில் ஒரே திரளாக விழுவதில்லை. அது குழாயின் உட்சுவரில் ஒட்டிப் படர்ந்து இறங்குகிறது. நடுவில் காற்று இருக்கிறது. சில மீட்டர் இறங்கியதும் சுவரின் உராய்வால் அதன் வேகம் நிலைபெற்றுவிடும். ஆகவே பத்தாவது மாடியிலிருந்து வரும் நீர் மூன்றாவது மாடியிலிருந்து வரும் நீரைவிடப் பன்மடங்கு வேகமாக மோதும் என்ற அச்சம் தேவையில்லை. நேராகச் செல்லும் பகுதியில் எழுவது ஒரு சீறல் மட்டுமே. பெருஞ்சத்தம், நீர் திசை மாறும் இடங்களில் பிறக்கிறது: கிளைக் குழாய் வந்து சேரும் இணைப்பில், குழாய் ஒதுங்கி வளையும் இடத்தில், எல்லாவற்றுக்கும் மேலாகச் செங்குத்துக் குழாய் படுக்கைக் குழாயாக மாறும் அடி வளைவில்.

நீர் மோதும்போது குழாயின் சுவர் அதிர்கிறது. அந்த அதிர்வு இரண்டு வழிகளில் உங்களை அடைகிறது. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள காற்றை அதிரச் செய்து, அதை மூடியுள்ள பலகையின் வழியாகவும் இடைவெளிகளின் வழியாகவும் அறைக்குள் வருவது. மற்றது, குழாயைத் தாங்கும் கிளாம்ப், அதை இறுக்கிப் பிடித்துள்ள சிமென்ட் கலவை, அதன் மேல் சாய்ந்து நிற்கும் மரச்சட்டம் ஆகியவற்றின் மூலம் சுவருக்குள் ஏறி, சுவர் முழுவதையுமே ஒலிக்கச் செய்வது. முதலாவதைக் காற்றுவழி என்றும் இரண்டாவதைத் தொடுவழி என்றும் இனிக் குறிப்பிடுகிறேன். இவற்றுக்கான மருந்துகள் வேறு வேறு என்பதால், எந்த வழி என்று அறியாமல் பொருள் வாங்கக் கூடாது.

என் அறைக்குச் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வீடு அமைதியாக இருக்கும் இரவு நேரத்தில், ஒருவரை மேலே அனுப்பி, ஏறத்தாழ 6 லிட்டர் நீரை ஒரு வாளியிலிருந்து கழிப்பறைக் கோப்பையில் ஒரே வீச்சில் ஊற்றச் சொல்லுங்கள். சுவிட்சை அழுத்தி ஃப்ளஷ் செய்வதைவிட இது நல்லது. ஏனெனில் தொட்டி மீண்டும் நிரம்பும் ஒலி இதில் கலக்காது. முதல் முறை, குழாய் இருக்கும் மூலையருகே நின்று கேளுங்கள். அடுத்த முறை, அதே சுவரில் குழாயிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் காதைச் சுவரில் ஒட்டிக் கேளுங்கள். மூலையில் கூர்மையான சீறலாகவும், தள்ளிப் போனதும் நன்றாகக் குறைந்தும் கேட்டால் காற்றுவழி மேலோங்கியுள்ளது. சுவரின் எந்த இடத்தில் காது வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் மந்தமான முழக்கம் கேட்டால் தொடுவழி மேலோங்கியுள்ளது.

குழாயை மூடியுள்ள பலகையைக் கழற்ற முடிந்தால், ஒரு தடித்த தாள் துண்டைக் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். தாள் எங்கெல்லாம் சிக்குகிறதோ அங்கெல்லாம் குழாய் கட்டடத்தைத் தொடுகிறது. காய்ந்து ஒட்டிய சிமென்ட் கட்டி, வளைந்த ஆணி, சரிந்த மரச்சட்டம் என்று நாம் எண்ணிப் பார்க்காத தொடுபுள்ளிகள் இப்படித்தான் அகப்படும். பெரும்பாலான வீடுகளில் இரண்டு வழியும் கலந்தே இருக்கும். அப்போது தொடுவழியை முதலில் அறுக்க வேண்டும். அது இருக்கும் வரை மேலே சுற்றும் எந்த உறையும் முழுப் பயன் தராது.

சில இரவுகளில் கொட்டும் சத்தம் இல்லை; 'டிக் டிக்' என்றும், வேறு சமயம் 'களகள' என்றும் கேட்கிறது. அதற்கும் இதே மருந்துதானா?

இல்லை. வெந்நீர்க் குளியலுக்குப் பின் சில நிமிடங்கள் 'டிக் டிக்' என்று கேட்டால், பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நீண்டு, இறுகப் பிடித்த இடங்களில் திக்கித் திக்கி நகர்கிறது என்று பொருள். பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு, ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும். 3 மீட்டர்க் குழாய் 30 பாகை சூடேறினால் அது 6 மி.மீட்டருக்கும் சற்று மேல். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். அதாவது ரப்பர் வளையம் வைத்த இணைப்பில் குழாயை முட்டும் வரை நுழைத்து, பின் 10 மி.மீ. அளவுக்கு வெளியே இழுத்து விட வேண்டும். இடைக் கிளாம்புகள் குழாயை நழுவ விட வேண்டும்.

'களகள' ஒலி, தரை வடிகாலின் அல்லது கைகழுவும் தொட்டியின் டிராப்பில் தேங்கியுள்ள நீரை, காற்றுப் போதாமல் தவிக்கும் குழாய் உறிஞ்சுவதால் வருவது. அதற்குத் தேவை காற்றோட்டக் குழாய் அல்லது காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு; உறை சுற்றினால் குறி மறைந்துவிடும், குறை மறையாது. டிராப் வற்றினால் நாற்றமும் வரும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. குழாயை மூடும் நொடியில் 'டம்' என்று ஒரு அடி கேட்டால் அது அழுத்தத்தில் வரும் நல்ல நீர்க் குழாயின் கோளாறு. கழிவுக் குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடையில் விற்கும் கறுப்பு நுரைக் குழாயை வாங்கிச் சுற்றினால் போதாதா?

போதாது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே அதை வாங்கிச் சுற்றிவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்த நுரை வெப்பம் போகாமலும் குளிர்நீர்க் குழாய் வியர்க்காமலும் காப்பதற்காகச் செய்யப்பட்டது. காற்றுவழி ஒலியைத் தடுப்பது எடை. ஒரு தடுப்பின் எடை இரட்டிப்பானால் அது தடுக்கும் ஒலி ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபல் வரை கூடும். நுரைக்கு எடையே இல்லை. ஆகவே அதன் வழியே ஒலி தாராளமாக வெளியேறும்.

எனினும் நுரையோ பஞ்சோ பயனற்றது அன்று. கனமான ஓர் உறையைக் குழாயின் மேல் நேரடியாக ஒட்டினால், குழாயின் அதிர்வு அந்த உறைக்கே ஏறி உறையும் சேர்ந்து ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவில் மெத்தென்ற ஓர் அடுக்கு இருந்தால் அதிர்வு அதிலேயே தளர்ந்துவிடும். உள்ளே மென்மை, வெளியே கனம் என்ற இந்த இணைதான் வேலை செய்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் செலவு மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் எதை, எவ்வளவு தடிமனில், எப்படிச் சுற்றுவது?

உள் அடுக்குக்கு 25 மி.மீ. தடிமனுள்ள ராக்வூல் அல்லது கண்ணாடிப் பஞ்சு அல்லது திறந்த துளைகள் உள்ள நுரை. வெளி அடுக்குக்கு, சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள, வளையக்கூடிய வினைல் தகடு. ஒலித்தடுப்புத் தகடு என்ற பெயரில் சுருளாகக் கிடைக்கும். இரண்டையும் ஒட்டி ஒரே விரிப்பாகவும் விற்கிறார்கள். அது வேலையை எளிதாக்கும்.

கணக்கு இப்படி. 110 மி.மீ. குழாயின் இரு பக்கமும் 25 மி.மீ. பஞ்சு சேர்ந்தால் விட்டம் 160 மி.மீ. ஆகிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 502 மி.மீ.; தகட்டின் விளிம்புகள் ஒன்றன் மேல் ஒன்று 50 மி.மீ. ஏறி நிற்க வேண்டும் என்பதால் 550 மி.மீ. அகலத்துக்கு வெட்ட வேண்டும். 2.8 மீட்டர் உயர அறைக்கு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர் தகடு, அதன் எடை 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பஞ்சைக் கையால் அமுக்கிச் சுற்றக் கூடாது. அமுங்கிய பஞ்சு அதிர்வைக் கடத்தும். தகட்டின் மேல் விளிம்பையும் பொருத்துகளையும் ஒட்டு நாடாவால் இடைவெளியில்லாமல் மூட வேண்டும். வளைவுகளையும் கிளை இணைப்புகளையும் விட்டுவிட்டு நேர்ப்பகுதியை மட்டும் அழகாகச் சுற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. சத்தம் பிறக்கும் இடம் அந்த வளைவுகளே என்பதை முதல் கேள்வியில் பார்த்தோம்.

குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடம்கூட இல்லை. பின்பக்கம் எப்படிச் சுற்றுவது?

அங்கே முழுச் சுற்று சாத்தியமில்லை. வலிந்து திணித்தால் பஞ்சு அமுங்கிப் புதிய தொடுபுள்ளி உருவாகும். முன்பக்கமும் பக்கவாட்டும் எட்டும் வரை உறையைச் சுற்றி, அதன் விளிம்புகளைச் சுவரில் ஒட்டாமல் விட்டு, மீதியை வெளிப் பெட்டியின் பொறுப்பில் விடுவதே முறை. பின்னால் இருப்பது செங்கல் சுவராக இருந்தால் அதன் எடையே காற்றுவழி ஒலிக்குப் போதுமான தடை. அந்தப் பக்கம் கவலைப்பட வேண்டியது தொடுவழி மட்டுமே. புதிதாகக் குழாய் போடுபவர்கள் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் போட்டால் இந்தச் சிக்கலே எழாது.

குழாயைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்திருக்கிறோம். அதை எப்படிப் பலப்படுத்துவது?

பெட்டியின் சட்டமும் பலகையும் எந்த இடத்திலும் குழாயையோ அதன் உறையையோ தொடக் கூடாது. குறைந்தது 25 மி.மீ. விலகியிருக்க வேண்டும். உட்புற வெற்றிடத்தைப் பஞ்சால் தளர்வாக நிரப்ப வேண்டும். வெற்றுப் பெட்டி, தவிலின் உட்புறம் போல ஒலியைப் பெருக்கும். பலகையாக 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. இரண்டாவது அடுக்கின் பொருத்துகள் முதல் அடுக்கின் பொருத்துகளுக்கு நேராக வராதபடி மாற்றி வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 முதல் 20 கிலோ வரும். ஒற்றை 9 மி.மீ. பலகையோடு ஒப்பிட்டால் எடை மும்மடங்கு.

பலகையின் விளிம்பு சுவரையும் தரையையும் கூரையையும் சந்திக்கும் கோடுகளில் இளகிய நிலையிலேயே இருக்கும் ஒலித்தடுப்பு மாஸ்டிக்கைப் பூச வேண்டும். சிமென்ட்டோ பட்டியோ பூசினால் சில மாதங்களில் மயிரிழையாக வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பின் வழியே வரும் ஒலி, இரண்டாம் அடுக்குப் பலகை தந்த பயனில் பெரும்பகுதியைக் கெடுத்துவிடும்.

கிளாம்பை மட்டும் மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

தொடுவழி மேலோங்கிய வீட்டில் நன்றாகத் தெரியும். செலவுக்கும் பயனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். வெறும் இரும்புப் பட்டையை எடுத்துவிட்டு, உட்புறம் ரப்பர் வைத்த கிளாம்பைப் போட வேண்டும். ஒரு மாடிக்கு ஒரு கிளாம்ப் குழாயின் எடையைத் தாங்கும் இறுக்கத்தில் இருந்தால் போதும். மற்றொன்று குழாய் சாயாமல் வழிகாட்டினால் போதும், அதில் குழாய் நழுவ வேண்டும். ரப்பர் பிதுங்கும் வரை திருகை முறுக்கினால் அது ரப்பராக இராது. அதிர்வை நேரே கடத்தும் கெட்டிப் பொருளாகிவிடும்.

கிளாம்பை எந்தச் சுவரில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். படுக்கையறைப் பொதுச் சுவரை விட்டு, குளியலறையின் மற்றொரு கனத்த சுவரிலோ தளத்தருகிலோ பொருத்த முடிந்தால் அதுவே நல்லது. மெல்லிய பலகைத் தடுப்புச் சுவரில் கிளாம்ப் அடிப்பது, அந்தச் சுவர் முழுவதையும் ஒலிபெருக்கியாக்குவதற்குச் சமம். நீர் மோதும் வளைவின் மேலேயே கிளாம்ப் போடுவதையும் தவிர்க்க வேண்டும்.

குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் கொத்தனார் சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டார். அதை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. தாள் சோதனையில் அகப்படும் தொடுபுள்ளிகளில் இதுவே மிக வலுவானது; குழாயின் முழுச் சுற்றளவும் தளத்தோடு ஒன்றாகிவிடுகிறது. கலவையைக் கவனமாகக் கொத்தி எடுத்து, குழாயைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள மென் உறையை, தளத்தின் மேலும் கீழும் சற்று நீட்டியிருக்குமாறு சுற்றி, அதன் பின்னரே வெளி இடைவெளியைக் கலவையால் நிரப்ப வேண்டும். உறையின் பொருத்து வழியே கலவை ஒழுகிக் குழாயைத் தொட்டால் வேலை வீண். நாடாவால் முன்பே மூடிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடுக்குமாடிக் கட்டடங்களில் அந்தத் துளை, தீ ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்குப் பரவாமல் தடுக்கும் இடமும் ஆகும். பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகினால் துளையை உப்பி அடைக்கும் வளையம் அங்கே பொருத்தப்பட்டிருக்கலாம். அதை அகற்றிவிட்டுச் சாதாரண நுரையை அடைப்பது ஆபத்து. அந்த வளையத்தோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளர் குறித்துள்ள உறையை மட்டுமே வைக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்ல முடியுமா?

இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். படுக்கையறையின் மூலையில், மேல் வீடுகளின் கழிவுநீர் இறங்கும் 110 மி.மீ. பி.வி.சி. குழாய், ஒற்றை 9 மி.மீ. பலகைப் பெட்டிக்குள் நிற்கிறது. வாளிச் சோதனையில் மூலையில் சீறலும், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மந்த முழக்கமும் கேட்கின்றன. எனவே இரண்டு வழியும் உண்டு. பெட்டியைத் திறந்தால் இரண்டு இரும்புக் கிளாம்புகள் தலைமாட்டுச் சுவரில் இறுக அடிக்கப்பட்டுள்ளன, பெட்டியின் ஒரு சட்டம் குழாயின் மேல் சாய்ந்திருக்கிறது, தளத்துளையில் கலவை இறுகியிருக்கிறது.

முதல் நாள் பஞ்சையே தொட வேண்டாம். சாய்ந்த சட்டத்தை அகற்றி, புதிய ரப்பர்க் கிளாம்புகளை அருகிலுள்ள மற்றொரு சுவரில் அடித்துக் குழாயை அவற்றில் தாங்கிய பிறகே பழையவற்றைக் கழற்ற வேண்டும். தாங்கலின்றி விட்டால் மேலிணைப்பு நழுவிக் கசியும். பின் தளத்துளையை மேலே சொன்னபடி சரிசெய்ய வேண்டும். இப்போது வாளிச் சோதனையை மீண்டும் செய்தால், பெட்டி திறந்திருப்பதால் சீறல் முன்னைவிட உரக்கக் கேட்கும். அதில் கலங்க வேண்டியதில்லை. தலைமாட்டுச் சுவரில் காது வைத்துப் பாருங்கள். முழக்கம் அடங்கியிருந்தால் தொடுவழி அறுந்தது. அடங்காவிட்டால் இன்னும் ஒரு தொடுபுள்ளி ஒளிந்திருக்கிறது; அதைத் தேடாமல் மூடக் கூடாது.

அதன் பிறகு உறை. இணைப்புக் குழல் இருக்கும் இடத்தில் குழாயின் விட்டம் கூடும் என்பதால் அங்கே விரிப்பைத் தனித் துண்டாக வெட்டிச் சுற்ற வேண்டும். உறையோடு விட்டம் ஏறத்தாழ 166 மி.மீ.; குழாய் சுவர்களிலிருந்து போதிய அளவு தள்ளியிருந்தால், சுவரிலிருந்து 25 மி.மீ., பெட்டியிலிருந்து 25 மி.மீ. விட்டு, பெட்டியின் உள்ளளவு குறைந்தது 220 மி.மீ. இருக்க வேண்டும், இணைப்புக் குழலுக்காக 240 வைப்பது நிம்மதி. அதாவது பழைய பெட்டியைவிடப் புதியது அறைக்குள் சற்று நீளும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பலகையை உறையோடு ஒட்டி அடித்தால், அறுத்த தொடுவழி திரும்ப முளைத்துவிடும்.

புதிதாகக் கட்டுகிறோம். குழாயை எங்கே கொண்டுபோனால் இந்தத் தொல்லையே வராது?

வரைபடத்தில் பென்சிலால் மாற்றுவதைப் போலப் பயன் தரும் ஒலித்தடுப்பு வேறில்லை. குளியலறையின் நான்கு சுவர்களில் படுக்கையறைக்குப் பொதுவான சுவரில் கழிப்பறைக் கோப்பை, செங்குத்துக் குழாய், ஷவர் ஆகிய மூன்றும் வேண்டாம். கைகழுவும் தொட்டியை அங்கே தள்ளுங்கள். செங்குத்துக் குழாயை வெளிச்சுவர்ப் பக்கமோ, படிக்கட்டு, நடைவழி போன்ற இடத்தை ஒட்டிய தனிக் குழாய்க்கூட்டிலோ இறக்குங்கள். கோப்பை தள்ளிப் போவதால் கிளைக் குழாய் நீளும், 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 முதல் 80-க்கு 1 வரையிலான சாய்வு கிடைக்கிறதா என்று பிளம்பரோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த நிலையிலும் ஏற்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, பொதுச் சுவரில் காடி வெட்டிக் குழாயைப் புதைத்துக் கலவையால் பூசுவது. அங்கே சுவரும் மெலிகிறது, தொடுவழியும் முழு நீளத்துக்கு உண்டாகிறது, பின்னால் திருத்தவும் இயலாது. மற்றது, மேல்மாடிக் கழிவுக் குழாயைப் படுக்கையறையின் கூரைக்குள் படுக்கையாக ஓட்டுவது.

அடியில் ஒரே 90 பாகை வளைவு போட்டிருக்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

அந்த அடி வளைவு படுக்கையறைக்கு அருகில் இருந்தால் மாற்றுவது நல்லது. ஒரே 90 பாகை வளைவில் நீர் நேராக அடியில் மோதுகிறது. அதற்குப் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகளைப் போட்டு, அவற்றின் நடுவில் 250 மி.மீ. நீள நேர்க்குழாயை வைத்தால், நீர் சரிந்து திரும்புவதால் மோதல் தணிகிறது, அடைப்பும் குறைகிறது. நடுத்துண்டு இல்லாமல் இரண்டு வளைவுகளையும் ஒட்டிப் போட்டால் பயன் மிகக் குறைவு. கூடுதல் உயரமும் நீளமும் தேவைப்படும் என்பதால், முடிந்த கட்டடத்தில் இதற்கு இடமில்லாமல் போகலாம்; அப்போது வளைவுக்கு மட்டும் இரண்டு சுற்று உறை போட்டு, அதன் அடியில் கெட்டியாக முட்டுக் கொடுத்திருந்தால் முட்டுக்கும் வளைவுக்கும் நடுவே ரப்பர்த் திண்டு வைக்க வேண்டும்.

'சத்தமில்லாக் குழாய்' என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் உறை வேண்டாமா?

அவை பெரும்பாலும் தாதுப்பொடி கலந்து, சுவர் தடித்து, எடை கூட்டிய பிளாஸ்டிக் குழாய்கள். சாதாரண பி.வி.சி. குழாயைவிட அவை உண்மையாகவே அமைதியானவை. வார்ப்பிரும்புக் குழாய் அவற்றையும்விடக் கனமானது. ஆனால் கனத்த குழாயும் கலவையில் இறுக்கினால் அதிர்வைக் கடத்தும். ஆகவே கிளாம்ப் பற்றியும் தளத்துளை பற்றியும் சொன்னவை அனைத்தும் இவற்றுக்கும் பொருந்தும்.

விளம்பரத்தில் உள்ள டெசிபல் எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். இ.என். 14366 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி ஆய்வுக்கூடத்தில், வினாடிக்கு 0.5, 1, 2, 4 லிட்டர் என்ற நீரோட்டங்களில் அளக்கிறார்கள். குழாய் ஒரு கனத்த சுவரில் பொருத்தப்பட்டிருக்கும், அளவு சுவரின் மறுபக்கத்திலும் எடுக்கப்படும். எந்த நீரோட்டத்தில், சுவரின் எந்தப் பக்கத்தில், எந்தக் கிளாம்போடு எடுத்த எண் என்று கேளுங்கள். மெல்லிய பலகைச் சுவருள்ள வீட்டில் அந்த எண் கிடைக்காது.

குழாய் கூரைக்குள் படுக்கையாக ஓடுகிறது. அது மேல் வீட்டாருடையது. நான் என்ன செய்ய முடியும்?

அவர்கள் இசைந்தால் குழாய்க்கே உறை சுற்றித் தொங்கு கிளாம்புகளையும் ரப்பருள்ளவையாக மாற்றுவதே மேல். இசையாவிட்டால் ஃபால்ஸ் சீலிங்கை மட்டுமே நம்ப வேண்டும்: ரப்பர் உள்ள தொங்குகொக்கிகளில் தாங்கிய சட்டம், இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, அதன் மேல் 50 மி.மீ. பஞ்சு. சட்டத்தின் ஒரு கம்பியும் குழாயில் தொங்கவோ தொடவோ கூடாது. பலகையில் துளையிட்டுப் பதிக்கும் விளக்குகளைக் குழாய்க்கு அடியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு துளையும் ஒலிக்குத் திறந்த வாசல்.

இவ்வளவும் மூடிவிட்டால், நாளை அடைப்போ கசிவோ வந்தால்?

சுத்தம் செய்யும் வாய் இருக்கும் இடத்தில் திறக்கக்கூடிய கதவு கட்டாயம் வேண்டும். அந்தக் கதவும் பெட்டியின் பலகைக்கு இணையான எடையில், சுற்றிலும் ரப்பர்ப் பட்டை அழுந்தும்படி திருகால் மூடுவதாக இருக்க வேண்டும். காந்தத்தில் நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் கதவு பெட்டியின் பயனைக் கெடுத்துவிடும். முடிந்தால் கதவைக் குளியலறைப் பக்கம் வையுங்கள். மூடும் முன் எல்லா இணைப்புகளையும் நீர் ஓட்டிச் சோதித்து, ஒரு நாள் விட்டு உலர்ந்த துணியால் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியில் சொன்ன காற்று வால்வு அந்தப் பெட்டிக்குள் இருந்தால், அதைப் பஞ்சால் மூடக் கூடாது. அது மூச்சிழுக்கக் காற்று வேண்டும். குளியலறைப் பக்கமாக ஒரு சல்லடைத் துளை விட வேண்டும், படுக்கையறைப் பக்கம் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். ஆனாலும் ஆழ்ந்த இரவில் லேசாகக் கேட்கிறது. எதை விட்டுவிட்டோம்?

முதலில் எதிர்பார்ப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். முற்றிலும் இல்லாமல் போகாது. ஜெர்மனியின் டி.ஐ.என். 4109 தரநிலைகூட, அடுத்த வீட்டு நீர்க்குழாய் ஒலிக்கு உறங்கும் அறையில் 30 டெசிபல் வரை அனுமதிக்கிறது. நல்ல அமைதியான அறையில் அதுவும் காதில் விழும்.

அடுத்து, சத்தம் கழிவுக் குழாயினுடையதுதானா என்று வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வாளி நீருக்கு அமைதியாகவும் ஃப்ளஷுக்கு மட்டும் ஒலித்தும் இருந்தால், குற்றவாளி தொட்டி நிரப்பும் வால்வு. அதற்கு வரும் நீரின் வேகத்தைக் கோணவால்வில் குறைத்தாலே பெரிதும் அடங்கும். கோப்பையில் நீர் விழும் கணத்திலேயே கேட்டால், தரையோடு கோப்பை தொடும் இடத்தில் மெல்லிய ரப்பர்த் திண்டு வைக்க வேண்டியிருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால், ஒருவர் பெட்டிக்குள் ஒரு சிறு வானொலியை ஒலிக்கவிட, மற்றவர் படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பொருத்துகள் நெடுகிலும் காதைக் கொண்டுசெல்லட்டும். பொதுச் சுவரில் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராகப் பதித்த மின்பெட்டிகளிலும், பலகை கூரையைத் தொடும் கோட்டிலும்தான் பெரும்பாலும் ஒலி கசியும். மின்பெட்டியை மின்பணியாளரை வைத்துத் திறந்து, பின்புறத்தை அதற்கான களிம்புப் பட்டையால் அடைக்க வேண்டும், கூரைக் கோட்டில் மாஸ்டிக்கை மீண்டும் ஒரு முறை நிரப்ப வேண்டும்.